தோல்விக்கு முன்பே தெரியும் சோர்வு

பயிற்சியாளர்கள் பலர் மாணவர்களின் சோர்வை ஆட்டத்தின் புள்ளிக்கணக்கில் தேடுகிறார்கள். தோற்கத் தொடங்கினால்தான் ஏதோ சரியில்லை என்று நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. தோல்வி கண்ணில் படுவதற்குள் சோர்வு நெடுந்தூரம் போயிருக்கும். அதற்குப் பல வாரங்கள் முன்பே மாணவரின் பேச்சிலும் நடையிலும் அது தெரிந்திருக்கும். அதைக் கவனிப்பது பயிற்சியாளரின் வேலை. எதைக் கவனிக்க வேண்டும் என்று மாணவர்களாகிய நீங்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பினாங்கில் விளையாடும் எவருக்கும் நிக்கோல் டேவிட் என்ற பெயர் தெரியும். கான்வென்ட் கிரீன் லேன் பள்ளியில் படித்தவர். 1999-ல், 15 வயதில், உலக இளையோர் ஸ்குவாஷ் பட்டத்தை வென்றார். 2001-ல் அதே போட்டி நம் பினாங்கிலேயே நடந்தபோது மீண்டும் வென்றார். 2002-ல் பூசான் ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் ஹாங்காங்கின் ரெபெக்கா சியூவிடம் தோற்றார். அதன் பிறகு 2003-ன் தொடக்கத்தில் சில மாதங்கள் போட்டிகளை விட்டு ஒதுங்கியிருந்தார். அப்போது அவருக்கு 19 வயது. திரும்பி வந்தபோது ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்று, லிஸ் இர்விங் என்ற புதிய பயிற்சியாளரிடம் சேர்ந்தார். 2005-ல் உலக வெற்றியாளர் ஆனார். 2006 ஆகஸ்டு முதல் 2015 வரை உலகின் முதலிடத்தை யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் மனத்தில் அன்று என்ன இருந்தது என்று வெளியிலிருந்து நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு விஷயங்கள் தெளிவு. இடைவெளி விட்டதால் அவருடைய விளையாட்டு வாழ்க்கை முடிந்துவிடவில்லை. திரும்பி வந்தபோது அவர் பழைய இடத்துக்கே வரவும் இல்லை. ஊரும் பயிற்சியாளரும் மாறியிருந்தார்கள். இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

'பர்ன் அவுட்' என்று சொல்லப்படும் முழுச்சோர்வு வெறும் களைப்பு அல்ல. விளையாட்டு உளவியலாளர்கள் அதில் மூன்று பகுதிகளைப் பார்க்கிறார்கள். முதலாவது, உடலும் மனமும் ஒருசேர வற்றிப்போவது. இரண்டாவது, எவ்வளவு உழைத்தாலும் முன்னேறவில்லை என்ற எண்ணம். மூன்றாவது, ஒரு காலத்தில் உயிராக நினைத்த விளையாட்டே பொருளற்றதாகத் தோன்றுவது. மூன்றில் இதுதான் ஆபத்தானது. களைத்த மாணவர், "இன்றைக்கு முடியலை சார்" என்பார். முழுச்சோர்வில் இருப்பவர், "ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன" என்பார். இந்த இரண்டு பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டைக் காதில் வாங்கத் தெரிந்தவரே நல்ல பயிற்சியாளர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பாருங்கள். ஜார்ஜ்டவுனில் படிவம் 4 படிக்கும் ஒரு மாணவி. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 90 நிமிடம் பூப்பந்துப் பயிற்சி. ஒவ்வொரு பயிற்சியும் முடிந்து அரை மணி நேரம் கழித்துப் பயிற்சியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "இன்றைய பயிற்சி எவ்வளவு கடினம்? சுழியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்." மாணவி 4 என்கிறாள். 90-ஐ 4-ஆல் பெருக்கினால் 360. வாரம் முழுவதும் இப்படியே இருந்தால் 1800. இதை அந்த வாரத்தின் பயிற்சிச் சுமை என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது வாரத்தில் அதே 90 நிமிடம், அதே பயிற்சி. ஆனால் அவள் இப்போது 7 என்கிறாள். ஒரு நாளுக்கு 630, வாரத்திற்கு 3150. மணிக்கூண்டுக் கடிகாரத்தைக் கேட்டால் எதுவும் மாறவில்லை என்றுதான் சொல்லும். மாணவியின் உடலைப் பொறுத்தவரை சுமை ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. காரணம் பயிற்சியில் இல்லாமலும் இருக்கலாம். தேர்வு நெருங்கியிருக்கலாம், இரவு டியூஷன் முடிந்து பன்னிரண்டு மணிக்குப் படுத்திருக்கலாம். உங்கள் வயதினருக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. வேலை கூடாமல் கடினம் மட்டும் கூடினால், அதுதான் முதல் மணியோசை.

"இது வெறும் உணர்வு, அறிவியலா?" என்று கேட்கலாம். 2016-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சிச் சுமையின் மாற்றத்தை இரத்தப் பரிசோதனை, நாடித்துடிப்பு போன்ற அளவுகளைவிட, வீரர் தாமே சொல்லும் பதில்கள் நன்றாகக் காட்டின. இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உண்மையைச் சொன்னால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று மாணவர் பயந்தால், தினமும் 4 என்றே சொல்லிவிட்டுப் போவார். பயம் இருக்கும் இடத்தில் அந்த நோட்டுப் புத்தகம் வெறும் காகிதம்.

எண்ணோடு நடத்தையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் முன்னதாக வந்தவர் கடைசி நிமிடத்தில் வருகிறார். சின்னத் தவறுக்கு மட்டையை வீசுகிறார், அல்லது எந்தத் தவறுக்கும் முகம் மாறுவதில்லை. நண்பர்களிடம் பேச்சு குறைகிறது. சளி, தலைவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி சொல்கிறார். இவற்றில் ஒன்று ஒரு நாள் தெரிந்தால் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் பேச வேண்டும். அதுவும் அணியின் முன்னால் அல்ல, தனியாக.

சாதாரணக் களைப்பா, முழுச்சோர்வா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு மூன்று நாள் நல்ல ஓய்வு கொடுத்துப் பாருங்கள். களைப்பு என்றால் மாணவர் மட்டையைத் தேடி வருவார். முழுச்சோர்வு என்றால் உடல் தேறினாலும், திடலுக்குத் திரும்பும் நாளை நினைத்தே மனம் கனக்கும். ஒன்றை மறக்கக் கூடாது: இரத்தசோகை, காய்ச்சலுக்குப் பிந்திய பலவீனம், மனச்சோர்வு நோய் ஆகியவையும் இப்படியே தோன்றும். அதனால் ஓய்வுக்குப் பிறகும் சோர்வு விலகாவிட்டால் மருத்துவரிடமும் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் போக வேண்டும். பயிற்சியாளர் கவனிக்கலாம், நோயைத் தீர்மானிக்கக் கூடாது.

ஓய்வு மட்டும் போதுமா? போதாது என்பதே என் வாதம். ஜே கோக்லி என்ற சமூகவியலாளர் 1992-லேயே இதை எழுதினார். விளையாட்டை விட்டு விலகும் இளம் வீரர்களை வாட்டுவது உழைப்பு மட்டுமல்ல. தம் வாழ்க்கையில் எதையும் தாமே முடிவு செய்ய முடியாத நிலையும், 'விளையாட்டு வீரர்' என்பதைத் தவிர வேறு அடையாளமே இல்லாத நிலையும்தான் என்றார் அவர். அப்படியானால் ஒரு வாரம் ஓய்வு தந்து அதே அட்டவணைக்குள் மீண்டும் தள்ளினால், அதே சோர்வுதான் திரும்பி வரும்.

ஆகவே பயிற்சியாளர்கள் செய்ய வேண்டியது இது. வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சியே இல்லாத நாளாக இருக்கட்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அதோடு, ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதமாவது ஒரே விளையாட்டிலிருந்து விலகி இருக்கச் சொல்கிறது. மாநிலப் போட்டி நெருங்கும்போது இது கடினம்தான். அதனால்தான் ஆண்டுத் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் குறித்துவிட வேண்டும். பயிற்சியில் ஒரு பகுதியை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும்.

மாணவர்களே, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சியாளர் எண் கேட்டால் உண்மையான எண்ணைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களே நோட்டில் எழுதி, இரண்டு வாரம் கழித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "முடியலை" என்று சொல்வதைவிட "4 ஆக இருந்தது 7 ஆகிவிட்டது" என்று காட்டினால், எந்தப் பயிற்சியாளரும் அதைச் சோம்பல் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது.