பச்சைத்துணிக்கு தனி லைட்!

கல்ச்சுரல்ஸுக்கு குறும்படம் எடுக்கறீங்களா? கிளாஸ்ரூம்ல பச்சைத்துணியைக் கட்டி, ஹீரோயினை அதுக்கு முன்னாடி நிக்க வெச்சு, கம்ப்யூட்டர்ல ஊட்டிக்கு அனுப்பறதுதானே ப்ளான்? லைட்டிங்கை ஒழுங்கா பண்ணலைன்னா, எடிட்டிங் பண்ற நண்பர் ராத்திரி முழுக்க முடியோரப் பச்சையைச் சுரண்டிட்டு உட்கார்ந்திருப்பார், பாவம்!

ஒரே லைட்டை ஹீரோயினுக்கும் துணிக்கும் சேர்த்து அடிக்கறதுலதான் பிரச்னையே ஆரம்பம். அவங்க நிழல் துணியில விழும். ஒரே துணி, ஒரு பக்கம் வெளிர்பச்சை, இன்னொரு பக்கம் கரும்பச்சை. சாஃப்ட்வேர் ரெண்டையும் சேர்த்து அழிக்கும்போது, மெல்லிய முடிக்கற்றையும் கூடவே காணாமப் போகும். துணியை ஒட்டி நின்னா இன்னும் மோசம். துணியில பட்டுத் திரும்பற பச்சை வெளிச்சம் கன்னத்துலயும் தோள்லயும் படிஞ்சிடும்.

அதனால ரெண்டையும் பிரிச்சிடுங்க. 20 அடி நீள கிளாஸ்ரூம்னு வெச்சுக்கலாம். துணியை சுருக்கமில்லாம இழுத்துக் கட்டுங்க. அதுக்கு ரெண்டு பக்கமும், 3 அடி முன்னாடி, நாலடி ட்யூப்லைட்டை ஒவ்வொண்ணு செங்குத்தா நிறுத்துங்க. இது துணிக்கு மட்டும். ஹீரோயின் துணியிலேர்ந்து 7 அடி தள்ளி நிக்கட்டும். அவங்களுக்கான லைட் முன்பக்கம், ஒரு சைடுல, தலைக்கு மேல உயரமா இருக்கட்டும். அப்பதான் நிழல் துணியில விழாம, தரையிலயும் பக்கத்துச் சுவர்லயும் விழும். கேமரா இன்னும் 8 அடி பின்னாடி.

சரியா வந்திருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எல்லா லைட்டையும் போட்டு, கேமராவுல எக்ஸ்போஷரை லாக் பண்ணுங்க. லாக் பண்ணலைன்னா கேமரா தானாவே வெளிச்சத்தைக் கூட்டி உங்களை ஏமாத்திடும். இப்போ ஹீரோயின் லைட்டை மட்டும் அணைங்க. பளிச் பச்சைக்கு முன்னாடி அவங்க கறுப்பு உருவமா தெரிஞ்சா, பாஸ்! தோள் ஓரத்துல பச்சைக்கோடு மின்னினா, இன்னும் ரெண்டு அடி முன்னாடி வரச்சொல்லுங்க. இல்லைன்னா ட்யூப்லைட் வெளிச்சம் அவங்க மேல படாம அட்டையை வெச்சு மறைங்க.

துணி பளபளன்னு இருந்தாதான் நல்லதுன்னு நினைச்சு லைட்டைக் கூட்டாதீங்க. பச்சை வெளுத்துப்போகும், முகத்துக்கு வர்ற பச்சையும் கூடும். முகத்து வெளிச்சத்தைவிட துணி ஒரு படி கம்மியா, ஆனா மூலைக்கு மூலை ஒரே சீரா இருந்தா போதும்.

இதுக்கும் அடங்காத ஆசாமிகள் உண்டு. மூக்குக்கண்ணாடி, ஜரிகை, பளபள நகையெல்லாம் எவ்வளவு தள்ளி நின்னாலும் பச்சையைக் காட்டிக் கொடுத்துடும். கால் தெரியற ஷாட்ல தரையும் பச்சையா இருக்கணும். அங்கே காலையும் துணியையும் பிரிக்கவே முடியாது. முதல் படத்துக்கு இடுப்பளவு ஷாட்டோட நிறுத்திக்கோங்க... உங்க எடிட்டர் நிம்மதியா தூங்குவார்!