கியூபெக் பாலத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள்

பாலம் இடிந்த வரலாற்றைப் பாடமாக எடுக்கும் கட்டடப் பொறியியல் கருத்தரங்குகளில் வழக்கமாகக் கேட்கப்படுவது, ‘இந்தப் பாலம் ஏன் விழுந்தது?’ என்ற கேள்விதான். விசாரணை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அதற்கு விடை அச்சாகியிருக்கிறது. மாணவர் அதை எடுத்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம், கணக்கு எதையும் போட வேண்டியதில்லை. இந்தக் கேள்வியைக் கைவிட வேண்டும். அதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியவை இரண்டு: வடிவமைத்தவர் எதை உண்மை என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்கினார்? அவர் ஒதுக்கிய பாதுகாப்பு இருப்பு எந்த நாளில், எதற்காகச் செலவானது? 1907 ஆகஸ்ட் 29 அன்று கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் விழுந்த கியூபெக் பாலத்தைப் போல இவ்விரண்டையும் தெளிவாகக் கற்றுத்தரும் நிகழ்வு வேறில்லை. வேலையில் இருந்த 86 பேரில் 75 பேர் அன்று இறந்தனர். அவர்களில் 33 பேர் கானவாக்கே என்ற ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடி இரும்புத் தொழிலாளர்கள்.

பாலத்தின் ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர், அமெரிக்காவில் அன்று மிகவும் மதிக்கப்பட்ட பாலப் பொறியாளர்களில் ஒருவர். வடிவமைத்துக் கட்டும் பொறுப்பு ஃபீனிக்ஸ் பாலக் கம்பெனியிடம் இருந்தது. அங்கே வடிவமைப்பைக் கவனித்தவர் பீட்டர் ஸ்லாப்கா. இரு பெரிய தூண்களுக்கும் இடைப்பட்ட தூரம் முதலில் 1,600 அடி என்று இருந்தது. 1900-இல் கூப்பர் அதை 1,800 அடியாக்கினார். தூண்களை ஆழம் குறைந்த இடத்துக்கு நகர்த்தினால் அடித்தள வேலை சீக்கிரம் முடியும், பனிக்கட்டி மோதும் ஆபத்தும் குறையும் என்பது அவர் சொன்ன காரணம். அதில் நியாயம் உண்டு. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தை மிஞ்சி, உலகின் மிக நீளமான இடைத்தூரம் கொண்ட பாலமாகவும் அது ஆகிவிடும்.

கருத்தரங்கின் முதல் கேள்வி இங்கே தொடங்க வேண்டும்: 200 அடி கூடியபோது பாலத்தின் தன்எடை எவ்வளவு கூடியிருக்க வேண்டும்? இதற்குக் கணினி வேண்டாம், ஒரு தாள் போதும். இடைத்தூரம் 1.125 மடங்காகிறது. ஓர் அடிக்கு எடை மாறவில்லை, ட்ரஸ்ஸின் உயரமும் அளவு விகிதங்களும் அப்படியே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டாலே, தன்எடையால் வரும் வளைவுத் திருப்புத்திறன் நீளத்தின் இருமடிப்படி ஏறி 1.27 மடங்கை நெருங்குகிறது. அந்தக் கூடுதல் விசையைத் தாங்கத் தடித்த உறுப்புகள் வேண்டும். உறுப்பு தடித்தால் எடை மறுபடி ஏறும். எடையை ஊகித்து, உறுப்பை வடிவமைத்து, வந்த எடையை வைத்து மறுபடி கணக்குப் போட்டு, இரண்டும் ஒத்துவரும்வரை சுற்றிவருவதுதான் நீண்ட பால வடிவமைப்பின் அடிப்படை ஒழுங்கு. கியூபெக்கில் அந்தச் சுற்று நடக்கவில்லை. இடைத்தூரம் மாறிய பிறகும், பழைய எடை ஊகத்தின் மேலேயே உறுப்புகள் வடிவமைக்கப்பட்டன.

1906 தொடக்கத்தில், ஆலையில் இரும்பைச் சரிபார்த்த ஆய்வாளர் உண்மை எடை கணக்கை மீறுவதைத் தெரிவித்தார். 6.2 கோடி பவுண்டு என்று கருதப்பட்ட பாலம் 7.3 கோடி பவுண்டாக வளர்ந்திருந்தது. அதற்குள் கணிசமான உறுப்புகள் தயாரிக்கப்பட்டு, ஆற்றங்கரையில் வேலையும் நடந்துகொண்டிருந்தது. தகைவு 7 முதல் 10 விழுக்காடு வரை கூடும், அதைப் பாதுகாப்பு இருப்பு தாங்கும் என்று முடிவெடுத்துக் கூப்பர் வேலையைத் தொடரவிட்டார்.

இந்த முடிவைத் தவறு என்று எழுதிவிட்டு நகர்ந்தால் பாடம் போய்விடும். மாணவர்களிடம் கேட்க வேண்டியது, அந்த இருப்பு அதற்கு முன்பே எவ்வளவு செலவாகியிருந்தது என்பதை. கூப்பர் தாமே எழுதிய விவரக்குறிப்பில், மிகக் கடுமையான சுமை நிலைக்குச் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு வரை தகைவை அனுமதித்திருந்தார். அக்கால வழக்கத்தைவிட அது உயர்ந்த அளவு. கனடா அரசின் ரயில்வே துறைப் பொறியாளர் அந்தக் குறிப்பைக் கேள்வி கேட்டு, தனியாக ஒருவரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றார். கூப்பர் அதை ஏற்கவில்லை, அரசும் விட்டுக்கொடுத்தது. ஆகவே அதே இருப்பு முதலில் இரும்பை மிச்சப்படுத்தச் செலவாயிற்று, பிறகு எடைக் கணக்கின் பிழையை மூடச் செலவாயிற்று. ஒரே சேமிப்பை இரண்டு கடன்காரர்களுக்கு எழுதிக்கொடுத்த நிலை அது. பாதுகாப்புக் காரணியின் எண்ணை மட்டும் கேட்கும் வினாத்தாள் இதைப் பிடிக்காது. ‘இந்தக் காரணி எந்தெந்த அறியாமைகளுக்காக ஒதுக்கப்பட்டது? அவற்றுள் எவை ஏற்கெனவே உண்மையாகிவிட்டன?’ என்று கேட்டால் பிடிபடும்.

இதைவிடக் கூர்மையான கேள்வி இன்னொன்று உண்டு. விழுந்த அன்று பாலத்தின் மேல் ரயில் இல்லை, நடுப்பகுதியும் முடிந்திருக்கவில்லை. தன்எடையும், இரும்பைத் தூக்கி வைக்கும் பாரந்தூக்கிகள் போன்ற கட்டுமானச் சுமையும்தான் இருந்தன. வடிவமைப்புச் சுமை முழுவதும் ஏறுமுன்பே அது ஏன் விழுந்தது? தன்எடைப் பிழை மட்டும் இதற்கு விடையாகாது. தகைவு பத்து விழுக்காடு ஏறினாலும், கணக்குப்படி இரும்பு இன்னும் தாங்கியிருக்க வேண்டும்.

விடை கீழ்ச் சட்டத்தில் இருக்கிறது. தென்கரைப் பக்கத்து அமுக்க உறுப்புகளில் ஒன்றுக்கு A9L என்று பெயர். ஏறத்தாழ 57 அடி நீளமுள்ள அந்த உறுப்பு ஒரே கட்டி இரும்பாக இல்லை. பக்கம் பக்கமாக நின்ற நான்கு தகட்டுச் சுவர்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னல் பட்டைகள் பிடித்துக் கட்டியிருந்தன. பட்டைகளின் முனைகளை ரிவெட்டுகள் இணைத்தன. நான்கு சுவர்களும் சேர்ந்து ஒரே தூணாக அமுக்கத்தைத் தாங்கும் என்பது கணக்கின் ஊகம். அதை உண்மையாக்கும் பொறுப்பு முழுக்க அந்தப் பின்னலிடம் இருந்தது. பின்னல் நழுவினால் நான்கும் நான்கு மெல்லிய தகடுகளாகிப் பக்கவாட்டில் நெளிந்துவிடும். அப்போது இரும்பின் வலிமைக்கும் தகைவுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவாக இருந்தாலும் பயனில்லை. பாதுகாப்பு இருப்பு சுவர்களின் பரப்பளவுக்குக் கணக்கிடப்பட்டிருந்தது, பின்னலுக்கு அந்த இருப்பு இல்லை. விபத்துக்குப் பிறகு அதே உறுப்பின் சிறிய மாதிரியைச் சோதித்தபோது, பின்னலின் ரிவெட்டுகள் அறுந்தே அது முறிந்தது. இழுவிசையைத் தாங்கும் கண்துளைப் பட்டைகளுக்கு முழு அளவில் சோதனை நடத்தியவர்கள், அமுக்க உறுப்புகளுக்கு அதைச் செய்திருக்கவில்லை. அவ்வளவு பெரிய அமுக்க உறுப்புகளைப் பற்றி அன்றைய பொறியியலுக்கே போதிய அறிவு இல்லை என்று அரச விசாரணை ஆணையம் பதிவு செய்தது. கூப்பர், ஸ்லாப்கா இருவரின் கணிப்புப் பிழையையும் அது ஒளிக்காமல் சொன்னது.

இது 1907-உடன் முடிந்த கதை என்று எண்ணுபவர்கள் சரியாக நூறாண்டு தாண்டி வந்த இன்னொரு ஆகஸ்டைப் பார்க்க வேண்டும். 2007 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஐ-35டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலம் மிசிசிப்பி ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தனர். ட்ரஸ் உறுப்புகள் கூடும் இடத்தில் இருந்த இணைப்புத் தகடுகளில் சில அரை அங்குலத் தடிமன் கொண்டவை. தேவைப்பட்டதில் ஏறத்தாழ பாதி. நாற்பது ஆண்டுகளில் பாலத்தின் தளம் தடித்து எடை ஏறியது, விழுந்த நாளில் பழுதுபார்ப்புப் பொருள்களும் இயந்திரங்களும் மேலே குவிந்திருந்தன. இடையில் பாலத்தின் தாங்குதிறன் மறுமதிப்பீடு செய்யப்பட்டபோதெல்லாம் உறுப்புகள் கணக்கில் வந்தன, இணைப்புத் தகடுகள் வரவில்லை. ஆகவே எந்த நிகழ்வை எடுத்தாலும் மாணவர்களிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி இது: கணக்கில் பெயரே வராத பாகங்கள் எவை? ஒரு பாலத்தின் வரைபடத்தை முன்னே வைத்து, ஒவ்வொரு பாகத்தின் பாதுகாப்புக் காரணியையும் யார், எந்தத் தாளில் கணக்கிட்டார் என்று நிரப்பச் சொன்னால், காலியாக நிற்கும் கட்டங்களே விடையைக் காட்டும்.

அடுத்தது எச்சரிக்கை பற்றிய கேள்வி. கியூபெக்கில் கீழ்ச் சட்டத்தின் சில உறுப்புகள் நேர்கோட்டிலிருந்து விலகியிருப்பதைத் தளப் பொறியாளர் நார்மன் மெக்லூர் 1907 ஆகஸ்ட் தொடக்கத்திலேயே கூப்பருக்கு எழுதினார். அவை ஆலையிலிருந்தே வளைந்து வந்தவை என்று கட்டும் தரப்பு விளக்கம் சொன்னது. A9L-இல் முக்கால் அங்குலமாக இருந்த வளைவு ஆகஸ்ட் 27 அன்று இரண்டேகால் அங்குலமாக இருந்தது. ஆலையில் விழுந்த வளைவு ஆற்றின் மேல் வளராது. வளர்கிறது என்றால் உறுப்பு நெளிந்துகொண்டிருக்கிறது. இரண்டு தேதிகளின் அளவுகளை அருகருகே வைத்தால் ‘ஆலைப் பிழை’ என்ற விளக்கம் அங்கேயே விழுந்துவிடும். இரண்டேகால் அங்குலம் பெரிதா சிறிதா என்பதை விவாதிக்கத் தேவையே இல்லை.

மெக்லூர் நேரில் விளக்க, கூப்பர் இருந்த நியூயார்க்குக்கு ரயில் ஏறினார். 29-ஆம் தேதி பிற்பகல், நிலைமையை ஆராயும்வரை பாலத்தில் மேலும் சுமை ஏற்றக்கூடாது என்று கூப்பர் தந்தி அனுப்பினார். அந்தத் தந்தி பென்சில்வேனியாவின் ஃபீனிக்ஸ்வில்லில் இருந்த கம்பெனிக்குப் போனது, கியூபெக்குக்குப் போகவில்லை. தளத்தில் வேலையை நிறுத்தும் முழு அதிகாரம் யாரிடமும் தெளிவாக இருக்கவில்லை. மாலை 5.30 மணியை ஒட்டிப் பாலத்தின் தென்பகுதி முழுவதும் விழுந்தது.

கருத்தரங்கு இந்த இடத்தில் மாணவர்களைப் பார்வையாளர்களாக உட்காரவைக்கக் கூடாது. முடிவைச் சொல்லாமல், எடை அறிக்கையையும், உறுப்பின் குறுக்குவெட்டையும், ஆகஸ்ட் 27 வரையிலான வளைவு அளவுகளையும் மட்டும் அவர்கள் கையில் தர வேண்டும். பிறகு மூன்று செய்திகள் அடங்கிய ஓர் உத்தரவை அரைமணி நேரத்துக்குள் எழுதச் சொல்ல வேண்டும்: எந்தச் சுமையை எங்கிருந்து இறக்குவது, எத்தனை மில்லிமீட்டர் கூடினால் ஆட்களை இறக்குவது, அந்த உத்தரவு யார் கைக்கு நேராகப் போவது. மதிப்பெண்ணை இந்த மூன்றுக்கும் கொடுக்க வேண்டும். காரணப் பட்டியலுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.