நெருப்பில் பட்டால் சரியாகிவிடுமா விரிசல் முட்டை?

மதுரையில் பல முட்டைக் கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தனி அட்டை இருக்கும். ஓட்டில் கீறல் விழுந்த முட்டைகளை அதில் அடுக்கி விலையைக் குறைத்துக் கொடுப்பார்கள். தயங்கி நின்றால் பதில் தயாராக வரும்: "ஆம்லேட்டுக்குத்தானக்கா, நெருப்புல பட்டா எல்லாம் சரியாப் போயிரும்." வீட்டிலும் இதே பேச்சுதான். ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கி வந்த பை வேகத்தடையில் இடித்து ரெண்டு முட்டை கீறிப்போனால், "தூக்கிப் போடாத, இப்பவே ஊத்திரு" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

வரும் வழியில் உடைந்த முட்டையைச் சமைக்கலாம் என்ற முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்குச் சொல்லும் காரணங்களோடுதான் சண்டை. அந்தக் காரணங்கள் சரியென்றால் கடைக்காரரின் தனி அட்டையும் சரிதான் என்று ஆகிவிடும். அது சரியில்லை.

முதலில் சொல்வது, "ஓடுதானே கீறியிருக்கு, உள்ள சவ்வு கிழியலையே" என்பது. பாதி உண்மை. ஓட்டுக்கு உட்புறம் இரண்டு சவ்வுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்கும் உள்ளே வெள்ளைக்கருவில் லைசோசைம் என்ற நொதி சில கிருமிகளின் சுவரை அரிக்கிறது. இன்னொரு புரதம் கிருமிகளுக்கு வேண்டிய இரும்புச் சத்தைக் கட்டிவைத்துக்கொள்கிறது. ஆகவே ஓடு கீறிய அந்த நொடியிலேயே முட்டை கெட்டுவிடுவதில்லை. ஆனால் இவையெல்லாம் கிருமியைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்திவிடாது. சவ்வைத் தாண்டி, வெள்ளைக்கருவைக் கடந்து, மஞ்சள்கருவை எட்டிவிட்டால் அங்கே சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. அதனால் கேட்க வேண்டிய கேள்வி சவ்வு இருக்கிறதா என்பதோடு முடிவதில்லை. கீறல் விழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் கேட்க வேண்டும்.

உங்கள் பையில் உடைந்ததற்கு விடை தெரியும்: அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. தனி அட்டையில் இருப்பதற்கு யாருக்கும் தெரியாது. மதுரைக்கு வரும் பண்ணை முட்டை பெரும்பாலும் நாமக்கல் பக்கத்திலிருந்து கரூர், திண்டுக்கல் வழியாக லாரியில் வருகிறது. பண்ணையில் எடுக்கும்போது கீறியதா, லாரியில் ஏற்றும்போதா, மூன்று நாளாகக் கடை வெயிலில் இருந்ததா என்று கடைக்காரராலேயே சொல்ல முடியாது. நம் ஊரில் முட்டையைப் பெரும்பாலும் கழுவாமலேயே விற்பதால் கோழி எச்சமும் தூசியும் ஓட்டில் இருக்கும். கீறல் அவற்றுக்குத் திறந்த வாசல்.

அடுத்த காரணம், "நாறலையே, தண்ணில போட்டாலும் மிதக்கலையே." மிதப்பது முட்டையின் வயதைக் காட்டும் அடையாளம். நாளாக ஆக உள்ளேயுள்ள ஈரம் வற்றி, அகன்ற முனையிலுள்ள காற்றறை பெருக்கிறது, அதனால் மிதக்கிறது. இன்றைக்கு இட்ட முட்டையில் இன்றைக்கே கிருமி புகுந்திருந்தாலும் அது அடியில்தான் படுத்திருக்கும். கீறலோடு தண்ணீரில் போடுவதோ அழுக்கை உள்ளே அனுப்பும் வேலை. நாற்றமும் அப்படித்தான். முட்டையை அழுக வைக்கிற கிருமிகள் வேறு, வயிற்றைக் கெடுக்கிற சால்மோனெல்லா வேறு. பின்னது நிறத்தையோ மணத்தையோ மாற்றாமலே பெருகக்கூடியது.

சரி, நெருப்பு. மூன்றில் இதுதான் பலமான வாதம், அதனால்தான் ஆபத்தானதும். சால்மோனெல்லா சுமார் 70 டிகிரிச் சூட்டில் செத்துவிடும் என்பது உண்மை. ஆனால் மதுரைக்காரர் தோசைக்கல்லில் எதையெல்லாம் போடுகிறார் என்று பாருங்கள். ஹாஃப் பாயிலில் மஞ்சள்கரு குலுங்கினால்தான் ருசி. பரோட்டாக் கடைக் கலக்கி நடுவில் கொழகொழவென்று இருக்கும்போதே மடித்துத் தட்டில் விழுந்தாக வேண்டும். வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கிலேயே உறையத் தொடங்கிவிடும். மஞ்சள்கரு முழுதாக இறுக 70-ஐ நெருங்க வேண்டும். அதாவது மஞ்சள்கரு ஓடுகிறதென்றால் அங்கே போதிய சூடு எட்டவில்லை என்று முட்டையே சொல்கிறது. வயசுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு கொடுக்கிற பச்சை முட்டைக்கும், உடற்பயிற்சி முடித்துப் பாலில் அடித்துக் குடிப்பதற்கும் நெருப்பே கிடையாது.

நன்றாகவே வேகவைத்தாலும் ஒரு ஓட்டை மிச்சமிருக்கிறது. நம் கைவிரலிலும் மூக்கிலும் இருக்கிற ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி, ஒழுகிய முட்டையில் வெதுவெதுப்பில் பெருகினால் ஒரு நச்சை விடுகிறது. கிருமி சூட்டில் சாகும். அது விட்ட நச்சு கொதிநீருக்கும் அசையாது. காலையில் உடைத்து ஊற்றிக் கிண்ணத்தில் அடுப்படி மேடையிலேயே வைத்துவிட்டு இரவில் பொடிமாஸ் செய்கிற வீடுகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அங்கே நெருப்பு வருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

"கழுவி ஃப்ரிட்ஜ்ல வெச்சாச்சு" என்பதற்கு ஒரே வரி போதும்: சூடான முட்டையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, வெளியே இருப்பதை இழுத்துக்கொள்கிறது, அதிலும் கீறல் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் பையில் உடைந்ததை என்ன செய்வது? சிம்மக்கல்லில் ஒரு அட்டை முட்டை வாங்கித் திருப்பாலைக்கு வண்டியில் வந்ததாக வைத்துக்கொள்வோம். வந்ததும் சந்தேகமான முட்டையை இன்னொன்றோடு மெல்லத் தட்டுங்கள். நல்ல முட்டை 'ணங்'கென்று ஒலிக்கும். கீறியது 'டொக்'கென்று அடங்கிவிடும். கைபேசி விளக்கை ஓட்டின் பின்னால் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கீறலும் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

சவ்வு கிழிந்து பைக்குள் ஒழுகியிருந்தால் அந்த முட்டை வேண்டாம். கீறல்மேல் எச்சம் ஒட்டியிருந்தாலும் வேண்டாம். கீறல் மட்டும் இருந்து, ஓடு சுத்தமாக இருந்தால், கையைக் கழுவிவிட்டு ஒவ்வொன்றாகச் சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பாருங்கள். நேரே பெரிய பாத்திரத்தில் உடைத்தால் ஒன்று கெட்டிருந்தாலும் எல்லாம் போச்சு. பிறகு உலர்ந்த டப்பாவில் ஊற்றி, மூடி, ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வைக்கலாம். கதவில் வேண்டாம், அங்கே குளிர் குறைவு. இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அமெரிக்க வேளாண்துறையும் கடையிலிருந்து வரும் வழியில் உடைந்த முட்டைக்கு இதையேதான் சொல்கிறது. கடையிலேயே கீறியிருப்பதை வாங்காதே என்றும் சேர்த்துச் சொல்கிறது.

ஒரு திருத்தம் நம் ஊருக்கு வேண்டும். எளிதில் கெடும் உணவை 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பது கணக்கு. மதுரைப் பகல் வருஷத்தில் பெரும்பகுதி அதைத் தாண்டித்தான் இருக்கிறது. முட்டை வாங்கிய கையோடு கோயிலுக்குப் போய், சொந்தக்காரர் வீட்டில் காப்பி குடித்து, மத்தியானம் வந்து பையைப் பிரித்தால், கீறியது எப்போதென்று உங்களுக்கும் தெரியாது. அப்போது அது கடைக்காரரின் தனி அட்டை முட்டையாகிவிட்டது, குப்பைக்குத்தான்.

நேரம் தெரிந்த முட்டை என்றால் இருபுறமும் புரட்டிப் போட்ட ஆம்லேட், உதிரி உதிரியான பொடிமாஸ், கொதிக்கிற குழம்பில் உடைத்து ஊற்றி மஞ்சள்கரு இறுகும்வரை விட்ட முட்டைக் குழம்பு, எதற்கும் தாராளமாகப் போகலாம். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயதானவர்களுக்கும் அட்டையிலிருக்கும் முழு முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், கீறியதை மற்றவர்கள் சாப்பிடட்டும்.