‘வாழ்ந்த அனுபவம்’ என்று தலைப்பிட்டால் அது நிகழ்வியல் ஆகிவிடாது

பெங்களூரின் செவிலியர் கல்வி, சமூகப்பணி, உளவியல் துறைகளில் பக்கவாத நோயாளிகளின் குடும்பப் பராமரிப்பாளர்களைப் பற்றிய ஆய்வு முன்மொழிவுகள் பலவற்றைக் கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. தலைப்பில் ‘வாழ்ந்த அனுபவம்’ என்றிருக்கும். முறையியல் என்ற இடத்தில் நிகழ்வியல். மாதிரி பன்னிரண்டு பேர், ஆளுக்கு நாற்பது நிமிட நேர்காணல் ஒன்று. இறுதியில் ‘செறிவுநிலை எட்டப்பட்டது’ என்றொரு வரி. கண்டறிதல்கள் என்ற பெயரில் பொருளாதாரச் சுமை, உடற்சோர்வு, சமூகத் தனிமை, இறைநம்பிக்கை என நான்கு தலைப்புகள்.

அந்த நான்கு தலைப்புகளில் பக்கவாதம் எங்கே இருக்கிறது? நோயின் பெயரை எடுத்துவிட்டுச் சிறுநீரகச் செயலிழப்பு என்றோ மறதிநோய் என்றோ எழுதிப் பாருங்கள். ஒரு சொல்லும் மாறாது. நோயை மாற்றினாலும் மாறாத கண்டறிதல், எந்த அனுபவத்தின் சாரத்தையும் தொடவில்லை. ஆகவே அது நிகழ்வியல் அன்று. முதல் நேர்காணலுக்கு முன்பே பன்னிரண்டு பேரின் தகுதிகளும் வரையறுக்கப்பட்டுவிட்டதால் அது கிரவுண்டட் தியரியும் அன்று. அப்படியானால் அது என்ன?

நிகழ்வியல் தேர்ந்தெடுக்கப்படுவதன் காரணத்தை வெளிப்படையாகப் பேசுவோம். சிறிய மாதிரியை அது அனுமதிக்கிறது. எண்ணிக்கையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். நேர்காணல் வினாக்களை இணைப்பாக வைக்கலாம். குழுவின் முன் கேள்விகள் குறையும். இவை அனைத்தும் நிர்வாக வசதிகள். முறையியல் காரணங்கள் அல்ல. என் வாதம் இதுதான்: பக்கவாதப் பராமரிப்பைப் பற்றி நம் மாணவர்கள் உண்மையில் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை கிரவுண்டட் தியரிக்கு உரியவை. அவற்றுக்கு நிகழ்வியலின் பெயரைச் சூட்டுவதால் இரு மரபுகளும் கெடுகின்றன.

வேறுபாடு கேள்வியின் வினைச்சொல்லிலேயே தெரியும். ‘இந்நிலையில் இருப்பது எத்தகையது?’ என்பது நிகழ்வியலின் கேள்வி. ‘இவர்கள் இதை எவ்வாறு நடத்திச் செல்கிறார்கள், எந்தச் சூழலில் அது மாறுகிறது?’ என்பது கிரவுண்டட் தியரியின் கேள்வி. முன்னது ஓர் அனுபவத்தின் அமைப்பைத் தேடுகிறது. பின்னது காலத்தில் நகரும் ஒரு செயல்முறையை விளக்க முயல்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகவே வைத்துக்கொள்வோம். கணவருக்கு வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. ஒன்பதாம் நாள் மூக்குவழி உணவுக்குழாயுடன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து மனைவி சொல்கிறார்: “ராத்திரி அவர் மூச்சுச் சத்தம் கேக்கலைன்னா எனக்கு முழிப்பு வந்துடும்.”

நிகழ்வியலாளர் இந்த ஒரு வாக்கியத்தின் முன் நெடுநேரம் நிற்க வேண்டும். ஒலி கேட்டு விழிப்பது இயல்பு. இவரோ ஒலி இல்லாமையால் விழிக்கிறார். அப்படியென்றால் அவருடைய உறக்கமே ஒரு செவிமடுத்தலாக மாறியிருக்கிறது. அவருடைய உடல் தன் எல்லையைக் கடந்து இன்னோர் உடலின் மூச்சில் பொருந்தியிருக்கிறது. இரவு என்பது ஓய்வின் காலமாக இல்லாமல் காத்திருப்பின் காலமாகிவிட்டது. உடல், காலம், வெளி, உறவு என்ற நான்கு நோக்குகளையும் வான் மானன் தம் 1990ஆம் ஆண்டு நூலில் முன்வைத்தது இத்தகைய சிந்தனைக்காகவே. இந்த வாக்கியத்தின்மீது ‘உறக்கமின்மை’ என்று எழுதி அடுத்த வரிக்குப் போகிறவர், எந்தப் பெயர் சூட்டிக்கொண்டாலும், நிகழ்வியல் செய்யவில்லை.

கிரவுண்டட் தியரி ஆய்வாளர் அதே வாக்கியத்துக்கு ‘உறங்கியபடி காவல் காத்தல்’ என்று ஒரு குறியீடு இடுவார். உடனே ஒப்பீடு தொடங்கும். இன்னொரு வீட்டில் மகன் இரண்டு மணிக்கொரு முறை அலாரம் வைத்து எழுந்து தந்தையைப் புரட்டிப் படுக்க வைக்கிறார். பகலில் அலுவலகம் செல்கிறார். மூன்றாவது வீட்டில் இரவுக்கு மட்டும் ஓர் உதவியாளரை அமர்த்தியிருக்கிறார்கள்; ஆனாலும் மகள் கதவைத் திறந்தே வைத்துத் தூங்குகிறார். மூன்றையும் அருகருகே வைத்தால் ஒரு வகைமை தலைகாட்டுகிறது: காவலைக் கைமாற்றுதல். எதைக் கைமாற்ற முடிகிறது, எதை முடியவில்லை? பணம் இருந்தும் கைமாறாதது எது? இந்த இடத்தில் ஆய்வாளர் குறிப்பேட்டில் எழுதுகிறார்: ‘வேலை கைமாறுகிறது, பொறுப்பு கைமாறவில்லை.’

இப்போது அடுத்த நேர்காணல் யாரிடம் என்பதை அந்தக் குறிப்பே தீர்மானிக்க வேண்டும். காவலை முற்றிலும் கைவிட்டவரைத் தேட வேண்டும். பராமரிப்பிலிருந்து விலகிய மருமகளை, முறைவைத்துப் பார்த்துக்கொள்ளும் இரு சகோதரர்களை, நோயாளி நடக்கத் தொடங்கிய பிறகும் காவலை விட முடியாதவரைத் தேட வேண்டும். இதுவே கோட்பாட்டு வழி மாதிரித் தேர்வு. செறிவுநிலை என்ற சொல்லுக்குப் பொருள் கிடைப்பதும் இங்கேதான்: புதிய நேர்காணல்கள் அந்த வகைமைக்குப் புதிய பண்பு எதையும் சேர்க்காத நிலை. ‘பன்னிரண்டாம் ஆளும் பணக் கஷ்டம் என்றுதான் சொன்னார்’ என்பது செறிவுநிலை ஆகாது.

எனவே ஓர் எளிய சோதனை: உங்கள் பன்னிரண்டாம் நேர்காணலை முதல் நேர்காணலாகவே நடத்தியிருக்க முடியுமா? முடியும் என்றால் நீங்கள் செய்தது கிரவுண்டட் தியரி அன்று.

இந்த வேறுபாடு வெறும் சொற்சண்டை என்று கருதுவோருக்கு நம் நாட்டுச் சான்று ஒன்று. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு நடந்த அட்டெண்ட் ஆய்வின் முடிவுகள் 2017இல் லான்செட் இதழில் வெளியாயின. குடும்பத்தில் ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி அளித்து, மருத்துவமனையில் தொடங்கியதை வீட்டிலும் இரண்டு மாதம்வரை தொடரச் செய்தார்கள். ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து, பயிற்சி பெற்ற குழுவிலும் வழக்கமான சிகிச்சைக் குழுவிலும் 47 விழுக்காடாகவே இருந்தார்கள். பயிற்சியால் வேறுபாடு ஏற்படவில்லை.

இந்த எண் நம்மிடம் எழுப்பும் கேள்வி என்ன? கற்றுக்கொடுத்த பணி வீட்டுக்குள் நுழைந்தபின் என்ன ஆகிறது என்பதே. அது சமையலோடும் கூலி வேலையோடும் பிள்ளைகளின் பள்ளியோடும் எப்படிப் போட்டியிடுகிறது, யார் கைக்கு மாறுகிறது, எந்த வாரத்தில் மெல்லக் கைவிடப்படுகிறது? இது செயல்முறை பற்றிய கேள்வி. இதற்குச் ‘சோர்வாக உணர்ந்தார்கள்’ என்பது விடையாகாது. கிரவுண்டட் தியரி பிறந்ததே மருத்துவமனைகளில்தான்: கிளேசரும் ஸ்ட்ராஸும் சாவை எதிர்நோக்கிய நோயாளிகளைச் சூழ்ந்து யார் எதை அறிந்திருந்தார்கள் என்பதை ஆராய்ந்து 1965இல் ஒரு நூலும், அம்முறையை விளக்கி 1967இல் மற்றொன்றும் வெளியிட்டார்கள். பின்னர் ஸ்ட்ராஸும் செவிலியர் பின்புலம் கொண்ட ஜூலியட் கார்பினும் நாட்பட்ட நோயை வீட்டில் சமாளிக்கும் தம்பதியரை ஆராய்ந்து 1988இல் எழுதிய நூலில், நோய்ப்பணி, அன்றாடப்பணி, வாழ்க்கை வரலாற்றுப்பணி என்று மூன்றைப் பிரித்துக் காட்டினார்கள். நம் கேள்விக்கு மிக நெருங்கிய மூதாதை அந்நூல். ஆனால் அம்மூன்றையும் ஆயத்தச் சட்டங்களாக எடுத்துவந்து நம் தரவை அவற்றில் அடைப்பதும் கிரவுண்டட் தியரி ஆகாது.

‘நெறிமுறைக் குழு ஏற்காது’ என்பது வழக்கமான மறுப்பு. பாதி உண்மை. அனுமதிக்கப்பட்ட திட்டத்தில் மாற்றம் செய்தால் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மாற்றத்தின் எல்லையை முதலிலேயே எழுதிவிடலாம். ‘15 முதல் 30 பேர்வரை, முதல் ஐவர் நோயாளியோடு ஒரே வீட்டில் வசிக்கும் முதன்மைப் பராமரிப்பாளர்கள், பகுப்பாய்வின் அடிப்படையில் பின்னர் விலகிய உறவினர், சம்பள உதவியாளர் ஆகியோரும் சேர்க்கப்படலாம், வினாக்கள் இப்பொருள்களுக்குள் விரியும்’ என்று எழுதி, ஒவ்வொரு வகையினருக்கும் ஒப்புதல் படிவத்தை இணைத்தால் குழுவுக்கு மதிப்பிட ஏதோ ஒன்று கிடைக்கும். நேர்காணல்களை எல்லாம் ஒரே மாதத்தில் முடித்துவிட்டுப் பகுப்பாய்வுக்கு உட்காரும் பழக்கத்தைக் குழு நம்மீது சுமத்தவில்லை, நாமே சுமந்துகொண்டோம்.

நிகழ்வியலை நான் இகழவில்லை. அது மட்டுமே திறக்கக்கூடிய கதவுகள் உண்டு. பக்கவாதத்தால் பேச்சிழந்த கணவரோடு வாழ்வது எத்தகையது? முப்பதாண்டுகள் பேசிய ஒருவர் எதிரே அமர்ந்திருக்கிறார். பார்க்கிறார், அழுகிறார், சொல் மட்டும் வரவில்லை. இங்கே ‘எப்படிச் சமாளிக்கிறீர்கள்’ என்ற கேள்வியே அவசரமானது. ஆனால் இக்கேள்வியை எடுப்பவர் அதன் விலையைக் கொடுக்க வேண்டும். ஐந்தாறு பேர் போதும். ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று முறை சந்திக்க வேண்டும். ஹுசெர்ல் வழியில் முற்கருத்துகளை ஒதுக்கி வைக்கிறாரா, ஹைடெக்கர் வழியில் முன்புரிதலை விலக்க முடியாதது என்று ஏற்றுப் பொருள்கொள்கிறாரா என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். முதல் பக்கத்தில் ஹைடெக்கரை வணங்கி, மூன்றாம் இயலில் ‘என் முன்கருத்துகளை ஒதுக்கிவைத்தேன்’ என்று ஒரே வரியில் முடிப்பவர் இருவரையும் படிக்கவில்லை என்றே பொருள்.

மொழிச் சிக்கலும் உண்டு. பெங்களூரில் ஒரே வார்டில் கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. கன்னடப் பெண் ‘நோட்கோதீனி’ என்கிறார். தமிழ்ப் பெண் ‘பாத்துக்கிறேன்’ என்கிறார். இரண்டிலும் வேர்ச்சொல் பார்வை. ஆங்கில எழுத்துப்படியில் இரண்டும் ‘கேர்’ ஆகிவிடும்போது, கண்ணை எடுக்காமல் இருத்தல் என்ற அனுபவம் தரவிலிருந்தே அழிந்துவிடுகிறது. செயல்முறையைத் தேடுபவருக்கு இது இழப்பு. நிகழ்வியலாளருக்கோ ஆய்வுப்பொருளே தொலைந்துபோகிறது. தாம் நேரடியாகக் கேட்டுப் புரிந்துகொள்ளும் மொழியில் மட்டுமே நிகழ்வியல் நேர்காணல் செய்வது நல்லது. மூலமொழியில்தான் பகுப்பாய்வும் நடக்க வேண்டும்.

காலமும் மொழியும் வழிகாட்டுதலும் இரண்டுக்குமே போதவில்லை என்றால் மூன்றாவது வழி உண்டு. சாண்டலோவ்ஸ்கி 2000இல் விவரித்த பண்புசார் விவரணை, பிரானும் கிளார்க்கும் 2006இல் வகுத்த கருப்பொருள் பகுப்பாய்வு ஆகியவை மதிப்புக்குரிய முறைகளே. செய்ததைச் செய்த பெயரிலேயே எழுதுவதில் இழிவு ஏதுமில்லை. ஹுசெர்லின் பெயரை இரவல் வாங்கிய நான்கு தலைப்புகளைவிட, தன்னைக் கருப்பொருள் பகுப்பாய்வு என்றே அறிவித்துக்கொண்ட கவனமான ஆய்வு மேலானது.

வழிகாட்டிகளுக்கும் தேர்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வாய்மொழித் தேர்வில் ‘எத்தனை பேர்?’ என்று கேட்பதற்கு முன், ‘உங்கள் ஐந்தாம் நேர்காணலுக்குப் பின் என்ன மாறியது?’ என்று கேளுங்கள். ‘நிகழ்வியல்’ என்று விடை வந்தால், ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள்.