போர்டுல ஒரு விலை, கையில ஒரு விலை

'பழைய தங்கத்துக்கு உச்ச விலை'ன்னு போர்டு வைக்கிறாங்களே, அந்த விலை பெரும்பாலும் 24 கேரட்டுக்கு. நம்ம நகை 916, அதாவது 22 கேரட். கிராம் 10,000 ரூபாய்னு வெச்சுக்குங்க. உருக்கினப்புறம் எட்டு கிராம் நின்னா 73,280 வரணும். அதுவரைக்கும் நியாயம்.

அழுக்கு போன எடைதானே அது? அதுக்கு மேல 'உருக்கு சேதாரம்' 3 சதவீதம், 'சர்வீஸ் சார்ஜ்' 5 சதவீதம்னு பிடிச்சா 5,860 ரூபாய் காலி. ஒரே சேதாரத்துக்கு ரெண்டு வெட்டு! நெல் மூட்டையில எடை வெட்டுற தரகனுக்கும் இவங்களுக்கும் என்ன வித்தியாசம்?

உருக்குறதுக்கு முன்னாடி இதைச் சொல்லவே மாட்டாங்க. சங்கிலி கட்டியானப்புறம் வேண்டாம்னு எழுந்து வர முடியுமா? ஆஸ்பத்திரிச் செலவுக்கு வந்தவங்க கொடுத்ததை வாங்கிட்டுப் போவாங்கன்னு தெரிஞ்சுதான் செய்யறாங்க.

கேரட் மீட்டர்ல தரம் பார்த்து, எல்லாப் பிடித்தமும் போக கைக்கு என்ன வரும்னு எழுதி வாங்காம நகையை உருக்க விடாதீங்க.