ஒண்ணாம் வகுப்புல இருந்து பன்னிரண்டு வரை ஒரே வரி: நூம்பல் பள்ளி ஒன்றின் உடற்கல்வி அட்டவணை

1/ நூம்பல்ல ஒரு சிபிஎஸ்இ பள்ளியோட உடற்கல்வி "கற்றல் விளைவு" அட்டவணையை ஒரு பெற்றோர் என்கிட்ட கொண்டு வந்து காட்டினார். 1 முதல் 12ஆம் வகுப்பு வரை கட்டம் கட்டமா, அழகான வண்ணத்துல. அது மேல எனக்குக் கோபம். ஏன்னு சொல்றேன், பொறுமையா படிங்க.

2/ 3ஆம் வகுப்புக்கு எதிரே "ஓட்டத்தில் ஆர்வத்துடன் பங்கேற்பர்". 7க்கும் அதேதான். 11ல "ஆர்வத்துடன்" போய் "முழு ஈடுபாட்டுடன்" வந்திருக்கு. எட்டு வருஷத்துல ஒரு பிள்ளை உடற்கல்வியில கத்துக்கிட்டது இந்த ஒரு வார்த்தைதானா?

3/ வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. 5, 8, 11 வகுப்பு வரிகளை எடுத்து, வகுப்பு எண்ணை மறைச்சிட்டு படிங்க. எது எந்த வகுப்புன்னு சொல்ல முடியலைன்னா அது வரைபடம் இல்ல, நிரப்பின படிவம். கணக்குல இப்படிச் செஞ்சா பெற்றோர் சும்மா விடுவாங்களா?

4/ "எங்ககிட்ட அளவீடு இருக்கு டாக்டர்"னு பள்ளி சொல்லும். கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையைத்தான் சொல்றாங்க. 1 முதல் 3 வரை பிஎம்ஐ, ஒற்றைக்கால் சமநிலை, கைவேகம் பார்க்கிற தட்டு தட்டல். 4ல இருந்து 50 மீட்டர், 600 மீட்டர், உட்கார்ந்து குனிந்து எட்டுதல் மாதிரி. நல்ல சோதனைதான். ஆனா அது உடம்பை அளக்குது, கத்துக்கிட்டதை அளக்கல. பிள்ளையோட பிஎம்ஐ அவன் பாடம் படிச்சதுக்கான மார்க் இல்ல.

5/ 600 மீட்டரையே எடுத்துக்குவோம். 200 மீட்டர் சுற்றுல மூணு சுற்று. 7ஆம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி ஓடறான்னு வைங்க. முதல் சுற்று 50 விநாடி, அடுத்தது 70, கடைசி 80. மொத்தம் 200 விநாடி. பாய்ஞ்சு ஓடி, மூச்சு வாங்கி, கடைசில நடந்திருக்கா.

6/ ரெண்டு மாசம் கழிச்சு அவளே 64, 66, 66ன்னு ஓடறா. மொத்தம் 196. ரிப்போர்ட் கார்டுல "4 விநாடி முன்னேற்றம்"னு வரும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆனா அவ பெரிய விஷயம் ஒண்ணு கத்துக்கிட்டா: தன் மூச்சுக்குத் தக்கபடி வேகத்தைப் பங்கு போட. அதுதான் கற்றல் விளைவு. அதை எழுத உங்க அட்டவணையில கட்டமே இல்ல!

7/ அப்போ எப்படி எழுதணும்?
1-3: மெதுவா ஓடறதுக்கும் வேகமா ஓடறதுக்கும் வித்தியாசம் காட்டணும், ஓடி முடிச்சதும் நெஞ்சுல கை வெச்சு துடிப்பு மாறினதைச் சொல்லணும்.
4-5: நடக்காம 600 மீட்டர் முடிக்கணும்.
6-8: தன் நேரத்தை முன்கூட்டியே சொல்லி 10 விநாடிக்குள்ள வரணும்; 15 விநாடி நாடி எண்ணி நாலால பெருக்கத் தெரியணும்.
9-10: தனக்கு ஆறு வாரப் பயிற்சி எழுதி, செஞ்சு, பலனைக் குறிச்சு வைக்கணும்.
11-12: பள்ளி முடிஞ்ச பிறகும் தொடரக்கூடிய வாரத் திட்டம், சென்னை வெயிலுக்கு எந்த நேரம், எவ்வளவு தண்ணீர் உட்பட.
இப்ப எண்ணை மறைச்சுப் பாருங்க, வகுப்பு தெரியும்.

8/ 6-8ல ஒரு எச்சரிக்கை. பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சி வேகம் முன்னாடியே வரும், ஆண் பிள்ளைகளுக்கு ஒண்ணு ரெண்டு வருஷம் பின்னாடி. ஒரே வகுப்புல மீசை முளைச்சவனும் முளைக்காதவனும் பக்கத்துல பக்கத்துல ஓடுவாங்க. அங்க நேரத்தை வெச்சு ராங்க் போடறது பருவம் எப்ப வந்ததுன்னு மார்க் போடற மாதிரி. பிள்ளையை அவனோட பழைய ஓட்டத்தோட மட்டும் ஒப்பிடுங்க.

9/ சுற்றுவாரியா குறிச்சு வெச்சா மருத்துவத்துக்கும் உதவும். நல்லா ஓடிட்டிருந்த பொண்ணுக்கு ரெண்டு மூணு மாசமா நேரம் கூடிக்கிட்டே போனா, "சோம்பேறி"ன்னு திட்டாதீங்க, ஹீமோகுளோபின் பாருங்க. ஓடி முடிச்ச சில நிமிஷத்துல ஒரு பையன் ஒவ்வொரு தடவையும் இருமினா ஆஸ்துமாவான்னு பார்க்கணும். மொத்த நேரத்தை வருஷத்துக்கு ஒரு தடவை எழுதினா இது ரெண்டும் கண்ணுல படாது.

10/ "பி.டி. சார் ஒருத்தர்தான், பிள்ளைங்க நாற்பது பேர்"னு சொல்வாங்க. நியாயம்தான். ஜோடி ஜோடியா விடுங்க: ஒருத்தர் ஓட, இன்னொருத்தர் சுற்று நேரம் குறிக்கட்டும். ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு. 5ஆம் வகுப்புல தொடங்கின அந்த நோட்டு 12 வரைக்கும் பிள்ளையோடயே போகணும்.

11/ ஆனா பீரியடே இல்லன்னா நோட்டு எதுக்கு? 9 முதல் 12 வரை சுகாதாரமும் உடற்கல்வியும் கட்டாயம்னு சிபிஎஸ்இ 2018-19லயே சொல்லிடுச்சு, தினம் ஒரு பீரியட். 5 முதல் 17 வயசுக்கு தினம் சராசரி 60 நிமிஷம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 10ஆம் வகுப்பு பி.டி. பீரியடை கணக்கு சார் எடுத்துக்கிட்டா, அட்டவணையில 9க்குப் பிறகு எழுதினது எல்லாம் பொய்.

12/ அடுத்த பெற்றோர் கூட்டத்துல மார்க் பத்தி மட்டும் கேட்காதீங்க. "என் பிள்ளை போன வருஷம் ஓட்டத்துல செய்ய முடியாத எதை இந்த வருஷம் செய்யறா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் "ஆர்வத்துடன் பங்கேற்கிறாள்"னு வந்தா, அட்டவணையைத் திருப்பிக் கொடுத்திடுங்க.