சாம்பாரை விடுங்க, பிபி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க

கவுட் வந்தவரிடம் நம் ஊரில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டீங்க?" டாக்டர்களும் இதைத்தான் கேட்கிறோம். "என்ன மாத்திரை போடுறீங்க?" என்று அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் யாராவது பிபி மாத்திரை போடுகிறார் என்றால் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னிடம் வந்தவர் 61 வயது, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) குடி கிடையாது. கறி மாதத்துக்கு ஒரு தடவை. ராத்திரி இரண்டு மணிக்கு வலது கால் பெருவிரல் மூட்டு நெருப்பாய் எரிந்து, சிவந்து வீங்கி, "போர்வை பட்டாலே உயிர் போகுது சார்" என்கிற நிலை. ஒரே வருடத்தில் மூன்றாவது தடவை.

முதல் தடவை வலி வந்த அன்றே ரத்தம் எடுத்திருக்கிறார்கள். யூரிக் ஆசிட் 6.6. "நார்மல்தான், சுளுக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். கவுட் உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் தற்காலிகமாகக் குறைந்து, நார்மல் போலத் தெரியலாம். அதனால் வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை முடிந்து பார்த்தபோது 9.1.

உடனே ஆரம்பித்தது பத்தியம். பருப்பு கூடாது, தக்காளி கூடாது, காலிஃபிளவர் கூடாது. "சாம்பாரையே நிறுத்திட்டேன் சார், அப்புறமும் ஏன் வருது?" என்று அந்த மனுஷன் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கறி, ஈரல், கடல் உணவு, பீர் இவை கவுட்டைத் தூண்டும், உண்மை. பருப்பும் காய்கறியும் அப்படிச் செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. உடம்பில் உருவாகும் யூரிக் ஆசிட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சாப்பாட்டிலிருந்து வருகிறது. மீதியை நம் உடம்பே தயாரிக்கிறது. அதில் பெரும்பகுதியை வெளியேற்றுவது கிட்னி. அப்படியென்றால் அந்தக் கிட்னியை என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

அட்டையைக் கேட்டேன். சட்டைப்பையிலேயே இருந்தது. டெல்மிசார்டான் 40, அதோடு ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5. மாத்திரைப் பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த "ஹெச்" இதுதான். (சில அட்டைகளில் இதற்குப் பதில் குளோர்தாலிடோன் இருக்கும். அதுவும் இதே வகை.) இந்த மாத்திரையை ஆரம்பித்து ஏழு மாதத்தில் முதல் தாக்குதல்.

இது உப்பையும் நீரையும் சிறுநீரில் தள்ளி பிபியைக் குறைக்கும் மாத்திரை. உடம்பில் நீர் குறைந்ததும் கிட்னி உப்பைத் திரும்ப உள்ளே இழுக்கப் பார்க்கும். அப்போது யூரிக் ஆசிட்டும் சேர்ந்து உள்ளே வந்துவிடும். டோஸ் கூடக்கூட இதுவும் கூடும். ரத்தத்தில் 6.8ஐத் தாண்டினால் யூரிக் ஆசிட் ஊசி ஊசியான படிகமாகலாம். உடம்பிலேயே குளிர்ச்சியான ஓரம் கால் பெருவிரல். அங்கேதான் முதலில் படியும்.

இனிதான் எனக்குத் தாங்காத பகுதி. ஒவ்வொரு தடவை வலி வந்தபோதும் மெடிக்கலில் கேட்டு டைக்லோஃபெனாக் வாங்கி, வாரக்கணக்கில் போட்டிருக்கிறார். வலி மாத்திரை உடம்பில் உப்பைத் தேக்கி பிபியை ஏற்றும். பிபி 158/96. அதைப் பார்த்த டாக்டர் வலி மாத்திரையைப் பற்றிக் கேட்காமல் ஹெச்சை 12.5லிருந்து 25 ஆக்கிவிட்டார். யூரிக் ஆசிட் இன்னும் ஏறியது, கவுட் திரும்ப வந்தது, திரும்ப டைக்லோஃபெனாக். டெல்மிசார்டான், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் கிட்னிக்குள் ரத்த அழுத்தம் குறைந்து அது திணறும். என்னிடம் வந்தபோது கிரியாட்டினின் 1.4. ஆறு மாதம் முன்பு 1.0.

எங்கள் வேலையாலேயே வந்த வியாதி இது. ஐந்து நிமிடத்தில் ஒரு பேஷண்ட் பார்க்கும் ஓ.பி.யில் நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். ஆனால் அதற்கான தண்டனையாக அவர் சாம்பாரைப் பிடுங்குவது என்ன நியாயம்?

செய்தது இதுதான். டைக்லோஃபெனாக்கை நிறுத்தினேன். சுகர் இல்லாததால் வலிக்கு ஐந்து நாள் பிரெட்னிசலோன். ஹெச்சை எடுத்துவிட்டு, டெல்மிசார்டானுக்குப் பதில் லோசார்டான் 50, கூட அம்லோடிபின் 5. ஏன் லோசார்டான்? அந்தக் குடும்பத்தில் யூரிக் ஆசிட்டைச் சிறுநீரில் கொஞ்சம் தள்ளிவிடும் குணம் இதற்கு உண்டு, டெல்மிசார்டானுக்கு இல்லை. கவுட் இருந்தால் முடிந்தவரை ஹைட்ரோகுளோரோதயசைடை மாற்றுங்கள், லோசார்டானை யோசியுங்கள் என்று அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியின் 2020 வழிகாட்டுதலே சொல்கிறது. இது ஒன்றும் ரகசிய வித்தை இல்லை.

இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்தோம். ஆறு வாரத்தில் பிபி 134/82, கிரியாட்டினின் 1.1, யூரிக் ஆசிட் 7.4.

ஆமாம், 7.4தான். மாத்திரையை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். வருடத்துக்கு மூன்று தாக்குதல் வந்தவருக்கு 6க்குக் கீழே போக வேண்டும். அலோபியூரினால் 100ல் ஆரம்பித்து மெதுவாக ஏற்றினோம். யூரிக் ஆசிட் இறங்கும்போதே புதுத் தாக்குதல் வரலாம் என்பதால் முதல் சில மாதம் கூடவே கோல்கிசின் 0.5. இப்போது 5.6. அலோபியூரினால் போடுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து.

"தயசைடு மலிவான, பக்கவாதத்தைத் தடுக்கிற நல்ல மருந்து, அதைப் போய் வில்லனாக்குறீங்களே" என்று சக டாக்டர்கள் வருவார்கள். நல்ல மருந்துதான். கவுட் இல்லாத எத்தனையோ பேருக்கு நானே எழுதுகிறேன். இதயம் பலவீனமாகி நீர் கோத்தவருக்கு ஃபுரோசமைடு இல்லாமல் மூச்சு விட முடியாது. அவருக்குக் கவுட் வந்தாலும் நீர் மாத்திரையை விட்டுவிட்டு யூரிக் ஆசிட்டுக்குத்தான் வைத்தியம் பார்ப்பேன். பிபிக்காக மட்டும் ஹெச் போடுகிறவருக்குக் கவுட் வந்தால் மாற்று இருக்கிறதா என்று யோசிக்கக்கூட மாட்டோம் என்பதுதான் என் சண்டை.

அதற்காக இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் நீங்களே மாத்திரையை நிறுத்தாதீர்கள். பிபி எகிறும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அட்டையை எடுத்துப் போய், "எனக்குக் கவுட் வந்திருக்கு, இதை மாத்த முடியுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். வலி மாத்திரை வாங்கிப் போட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கண்டக்டர் ஐயா கதையில் ஒரு பாக்கி. மூன்றாவது மாதம் இரண்டு கணுக்காலும் வீங்கியது. அம்லோடிபினால் வருகிற வீக்கம் அது. வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. மெடிக்கலில் காட்டியிருக்கிறார். "நீர் கோத்திருக்கு ஐயா" என்று ஒரு மாத்திரையை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். அவர் கண்ணாடியைப் போட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கடை வாசலில் நின்றே எனக்கு போன் செய்தார். "சார், இதுலயும் அந்தத் தயசைடுன்னு போட்டிருக்கு. வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டேன். சரிதானே?"

அம்லோடிபினை 2.5 ஆக்கி, லோசார்டானை 100 ஆக்கினோம். வீக்கம் வடிந்துவிட்டது.